எங்கள் பேரவைக்கு முறையான அழைப்பு: சிக்கன நாணயச் சங்க உறுப்பினர்களின் கோரிக்கைச் சாசனம்

சங்கத் தலைவருக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், முதன்மை நிர்வாக அதிகாரிக்கும்:

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பணிபுரியும் உறுப்பினர்களாகிய நாங்கள் மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்து சேர்த்த பணம்தான் இந்தச் சங்கம். இரு மாநிலப் பகுதிகளில் உறுப்பினர்கள் இருப்பதால், 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் இது பதிவாகியிருக்கிறது. அந்தச் சட்டப்படி சங்கத்தின் உச்ச அதிகாரம் பேரவைக்கு உரியது. நிர்வாகக் குழு பேரவைக்குப் பதில் சொல்லும் அமைப்பு. பேரவையைக் கூட்டும் கடிதம் ஒழுங்காக எழுதப்பட்டு, உரிய நாளில் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே இந்தச் சாசனத்தின் பொருள். இதில் விவாதத்துக்கு உரியது எதுவும் இல்லை. இவ்வளவு காலம் ஏன் தாமதமானது என்பதை மட்டுமே கேட்கிறோம்.

சென்ற ஆண்டு நடந்ததைப் பதிவு செய்துவிட்டு மேலே போகிறோம். அழைப்புக் கடிதத்தில் 12-9-2025 என்று தேதி இருந்தது. உறையின் மீது அஞ்சல் முத்திரை 19-9-2025. பெரும்பாலோர் கைக்கு அது 22ஆம் தேதி வந்தது. கூட்டம் 28ஆம் தேதி. பொருள் நிரலில் இருந்தவை ஆறு வரிகள்: கணக்கு, தணிக்கை, லாபம், பட்ஜெட், துணைவிதித் திருத்தம், பிற பொருள்கள். கடிதத்தோடு ஒரு தாள்கூட இணைக்கப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் துணைவிதி திருத்தப்பட்டதாகவும், நிலம் வாங்க ஒப்புதல் தரப்பட்டதாகவும் பிறகு தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இந்த ஆண்டு அது மறுபடி நடக்கக் கூடாது என்பதால், வேண்டியதைத் தேதி வாரியாகவும் சொல் வாரியாகவும் கீழே வைக்கிறோம்.

முதல் கோரிக்கை, தேதி. ஆண்டுப் பேரவைக் கூட்டத்தை 2026 செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை நடத்த வேண்டும். அந்த முடிவை ஆகஸ்ட் 20க்குள் அறிவிக்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அது முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பேரவையைக் கூட்டியாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 39ஆம் பிரிவு. அதன்படி செப்டம்பர் 30 கடைசி நாள். அது புதன்கிழமை, வேலை நாள். விடுப்பு எடுக்காமல் உறுப்பினர்கள் வரக்கூடிய கடைசி ஞாயிறு 27ஆம் தேதிதான். தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கு ஜூலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டது. கணக்கு தயாராக இருக்க, தேதி சொல்ல என்ன தடை?

இரண்டாவது கோரிக்கை, பதினான்கு நாள். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஆண்டுப் பேரவைக்குப் பதினான்கு நாட்களுக்குக் குறையாமல் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் விதிகள். ‘குறையாமல்’ என்ற சொல்லுக்கு உரிய எடையைக் கொடுக்க வேண்டும். பங்குதாரர் கூட்டத்துக்கு இருபத்தொரு நாட்களுக்குக் குறையாமல் அறிவிப்பு வேண்டும் என்று அந்தக் காலத்துக் கம்பெனிச் சட்டம் சொன்னபோது, நாகப்பச் செட்டியார் – மதராஸ் ரேஸ் கிளப் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்குப் பொருள் சொன்னது: முழுதாக இருபத்தொரு நாள் வேண்டும், அறிவிப்பு கைக்கு வந்த நாளும் கணக்கில் சேராது, கூட்டம் நடக்கும் நாளும் சேராது. அது கம்பெனிச் சட்ட வழக்கு என்றாலும் எங்கள் விதியில் உள்ள சொற்கள் அதே வகைச் சொற்கள்தான். ஆகவே நாங்கள் எண்ணும் முறையும் அதுவே.

இப்போது நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். கூட்டம் செப்டம்பர் 27. அந்த நாள் கணக்கில் இல்லை. 26ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 13ஆம் தேதியோடு பதினான்கு நாள் நிறைகிறது. அதாவது கடிதம் 12ஆம் தேதி சனிக்கிழமைக்குள் கையில் இருக்க வேண்டும். ஆனால் இந்த ஆண்டும் துணைவிதித் திருத்தம் கொண்டுவரப் போவதாக நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. திருத்தத்துக்கு எங்கள் துணைவிதி பதினைந்து முழு நாள் கேட்கிறது. ஒரே கடிதத்தில் இரண்டுக்கும் அழைப்பு என்றால் நீண்ட கெடுவையே பின்பற்ற வேண்டும். அப்படியானால் கடைசி நாள் 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை. உள்ளூர்க் கடிதம் இரண்டு நாளில் சேரும்; கிராமத்துக்குப் போய்விட்ட ஓய்வுபெற்ற உறுப்பினருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். எனவே எல்லா உறைகளும் செப்டம்பர் 3, வியாழக்கிழமை அஞ்சலகத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கடிதத்தின் தலையில் எந்தத் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை நாங்கள் பொருட்படுத்த மாட்டோம். கடிதம் கைக்கு வந்த தேதிதான் எங்களுக்குக் கணக்கு. சென்ற ஆண்டுக் கடிதத்தை இதே முறையில் எண்ணிப் பாருங்கள்: 22ஆம் தேதி கிடைத்தது, 28ஆம் தேதி கூட்டம், நடுவில் ஐந்து நாள்.

மூன்றாவது கோரிக்கை, கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. உறுப்பினர் எண், முகவரி, அனுப்பிய தேதி, அனுப்பிய வழி ஆகியவற்றோடு ஒரு அனுப்புகைப் பதிவேடு இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் கையெழுத்து வாங்க வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் அஞ்சலக ரசீது அதில் ஒட்டப்பட வேண்டும். பணியிடங்களின் அறிவிப்புப் பலகையிலும் கடிதத்தை ஒட்டலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். அவை கூடுதல் வசதி மட்டுமே, கடிதத்துக்கு மாற்று அல்ல. பணிமாறுதல் பெற்றவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பழைய முகவரியிலேயே பதிவாகிக் கிடக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் திருத்த ஆகஸ்ட் மாதம் மட்டுமே மீதி இருக்கிறது. கிளைப் பொறுப்பாளர்கள் இந்த வாரமே பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கத் தொடங்க வேண்டும். யாரோ ஒருவருக்குக் கடிதம் போகவில்லை என்பது சின்ன விஷயம் என்று அலுவலகத்தில் சொல்லப்படுகிறது. அழைக்கப்படாத உறுப்பினர் ஒருவர் கூட்டத்தையே எதிர்த்து வழக்கிட முடியும். அந்த வழக்குச் செலவும் எங்கள் பணத்திலிருந்துதான் போகும்.

நான்காவது கோரிக்கை, யார் அழைக்கிறார்கள், எந்தக் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள் என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். ‘பேரவைக் கூட்டம் நடைபெறும்’ என்று மட்டும் எழுதுவது போதாது. ஆண்டுப் பேரவையா, சிறப்புப் பேரவையா என்று சொல்ல வேண்டும்; இரண்டுக்கும் நாள் கணக்கு வேறு, எடுக்கக்கூடிய பொருள்களும் வேறு. கூட்டத்தைக் கூட்ட நிர்வாகக் குழு எந்தத் தேதியில் எந்தத் தீர்மான எண்ணில் முடிவெடுத்தது என்பதும் இருக்க வேண்டும். குழு முடிவில்லாமல் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பும் அழைப்புக்கு அடித்தளம் கிடையாது. கிழமை, நேரம், மண்டபத்தின் கதவு எண், தெரு என எல்லாம் வேண்டும். சென்ற முறை ‘சங்க வளாகம்’ என்று போட்டார்கள். அலுவலகம் ஒரு தெருவில், கிடங்கு வேறு தெருவில் இருக்கும்போது அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஐந்தாவது கோரிக்கை, பொருள் நிரலின் ஒவ்வொரு வரியும் பேரவை என்ன செய்யப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ‘கணக்கு’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதினால் அதில் வினை இல்லை. படித்துக் காட்டுவதா, பரிசீலிப்பதா, ஏற்பதா? ‘2025–26ஆம் ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் பரிசீலித்து முடிவெடுத்தல்’ என்றால் உறுப்பினருக்கு உரிமை தெரியும். ஏற்க மறுக்கவும் செய்யலாம். 39ஆம் பிரிவு ஆண்டுப் பேரவைக்கு என்னென்ன வர வேண்டும் என்று பட்டியலே தருகிறது. அவற்றில் மூன்றை எங்கள் சங்கம் தொடர்ந்து விட்டுவிடுகிறது. ஒன்று, தணிக்கையாளர் சுட்டிய குறைகள் எப்படிச் சரிசெய்யப்பட்டன என்ற அறிக்கை. தணிக்கை அறிக்கை மட்டும் வந்து இது வராவிட்டால், அதே குறை ஆண்டுக்கு ஆண்டு அச்சாகிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, ஒதுக்கீட்டு நிதிகள் உண்மையில் எதற்குச் செலவாயின என்ற ஆய்வு. மூன்றாவது, நிர்வாகக் குழுவினருக்கோ முதன்மை நிர்வாக அதிகாரிக்கோ உறவினர்களாக உள்ள சங்கப் பணியாளர்களின் பட்டியல். இந்த மூன்றாவதைச் சட்டமே கேட்கிறது. யாரையும் சந்தேகப்பட்டு நாங்கள் கேட்கவில்லை. உறவினர் யாரும் இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதி வைத்தால் போதும்.

லாபப் பங்கீட்டு வரிக்கும் இதே விதி. நிகர லாபத்தில் குறைந்தது 25 விழுக்காடு சேமநிதிக்கும், 1 விழுக்காடு கூட்டுறவுக் கல்வி நிதிக்கும், குறைந்தது 10 விழுக்காடு எதிர்பாராத இழப்புகளுக்கான நிதிக்கும் போக வேண்டும் என்று 63ஆம் பிரிவு சொல்கிறது. நிகர லாபம் எவ்வளவு, இந்த ஒதுக்கீடுகள் எவ்வளவு, பிறகு ஈவுத்தொகைக்கு எவ்வளவு என்று தொகைகளோடு பொருள் நிரலில் வர வேண்டும். மேடையில் ஈவுத்தொகை விழுக்காட்டை மட்டும் அறிவித்துக் கைதட்டல் வாங்கும் வழக்கம் இந்த ஆண்டோடு நிற்க வேண்டும். சேமநிதிக்கு ஒதுக்க வேண்டியது ஒதுக்கப்பட்டதா என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. வீட்டில் அமர்ந்து கடிதத்தைப் படிப்பவருக்குத் தோன்றும்.

ஆறாவது கோரிக்கை, துணைவிதித் திருத்தம் முழு வாசகத்தோடு வர வேண்டும். இப்போதுள்ள விதியின் எண், அதன் வாசகம், முன்மொழியப்படும் வாசகம், மாற்றத்துக்கான காரணம் ஆகிய நான்கும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும். திருத்தம் நிறைவேற, வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். படிக்காத ஒன்றை ஒருவர் எப்படி ஆதரிப்பார், எப்படி எதிர்ப்பார்? சென்ற ஆண்டு ‘துணைவிதித் திருத்தம்’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் இருந்தது, கடன் பிணையதாரருக்கான நிபந்தனை மாற்றம். அது சரியான மாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் பிணை நின்ற எங்களுக்கு அது கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. பேரவை நிறைவேற்றினாலும் மத்தியப் பதிவாளர் பதிவு செய்த பிறகே திருத்தம் செல்லும். எனவே முறையான அறிவிப்பு தரப்பட்டதா என்ற கேள்வி அந்த மேசையிலும் எழும். இந்த ஆண்டு முன்மொழியும் வாசகத்தை ஆகஸ்ட் 31க்குள் இறுதி செய்யாவிட்டால் செப்டம்பர் 3இல் அதை அனுப்ப முடியாது. அப்படி முடியாது போனால் திருத்தத்தை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வராதீர்கள். தனியாகச் சிறப்புப் பேரவை கூட்டுங்கள்.

ஏழாவது கோரிக்கை, ‘பிற பொருள்கள்’ என்ற கதவை அளவோடு திறக்க வேண்டும். அந்த வரியை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து குறை சொல்ல, விளக்கம் கேட்க இடம் வேண்டும். ஆனால் பணம் செலவாகும், சொத்து வாங்கும் அல்லது விற்கும், விதி மாறும், உறுப்பினர் நீக்கப்படும் எந்த முடிவும் அந்த வரியின் கீழ் வரக் கூடாது. நிலம் வாங்குவது பிற பொருள் அல்ல. அது தனிப் பொருள், இடம், அளவு, விலை, மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றோடு தனி வரியாக வர வேண்டியது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் நிறைவேற்றலாம் என்றால், பதினான்கு நாள் அறிவிப்புக்கே பொருள் இல்லாமல் போகிறது. வராதவர்கள் வராததற்குக் காரணமே, பட்டியலில் இருந்தவை தங்களைப் பாதிக்காது என்று அவர்கள் எண்ணியதுதான். எனவே அந்த வரி ‘தலைவரின் அனுமதியுடன் உறுப்பினர்கள் எழுப்பும் பிற பொருள்கள்: விவாதம் மட்டும், முடிவெடுக்கப்பட மாட்டாது’ என்று அமைய வேண்டும்.

இதற்கு இணையாக, உறுப்பினர்கள் தங்கள் தீர்மானங்களை முன்கூட்டியே அனுப்ப வழி வேண்டும். ஆகஸ்ட் 20இல் தேதியை அறிவிக்கும்போதே, ஆகஸ்ட் 31 மாலை 5 மணிக்குள் எழுத்தில் தரப்படும் பொருள்கள் நிரலில் சேர்க்கப்படும் என்று சொல்லுங்கள். சேர்க்க மறுக்கப்படும் பொருளுக்குக் காரணத்தை எழுத்தில் தாருங்கள். கல்விக் கடன் வட்டியைக் குறைப்பது பற்றிப் பல கிளைகளின் உறுப்பினர்கள் சேர்ந்து எழுதிய தீர்மானம் ஒன்று கையில் தயாராக இருக்கிறது. அதற்கு இடம் கிடைப்பது இந்த ஆண்டில் நடக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்குப் போகக் கூடாது. ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்கள் இப்போதே பழைய வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டாவது கோரிக்கை, இணைப்புகள். இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு, தணிக்கையாளர் அறிக்கை, நிர்வாகக் குழுவின் ஆண்டறிக்கை ஆகியவை கடிதத்தோடு சேர்ந்தே வர வேண்டும். ‘அலுவலக நேரத்தில் பார்வையிடலாம்’ என்பது இணைப்பு ஆகாது. புதுச்சேரியில் இரவுப் பணி முடித்தவர் சென்னை அலுவலகத்தில் வந்து எப்போது பார்வையிடுவார்? அச்சுச் செலவு கூடும் என்பது உண்மைதான். இரு பக்கமும் அச்சிட்ட கருப்பு வெள்ளைத் தாள்கள் போதும்; வழவழப்பான வண்ணப் புத்தகம் எங்களுக்கு வேண்டாம். சென்ற பேரவையின் நடவடிக்கைக் குறிப்பையும் இதோடு சேர்த்து அனுப்புங்கள். அதைப் படித்துப் பார்த்தால்தான் அதை உறுதி செய்வதா, திருத்துவதா என்று எங்களால் சொல்ல முடியும்.

ஒன்பதாவது கோரிக்கை, குறைவெண் பற்றிய வரி. எத்தனை உறுப்பினர் வந்தால் கூட்டம் செல்லும், அந்த எண்ணிக்கை அரை மணி நேரத்துக்குள் சேராவிட்டால் கூட்டம் எப்போது, எங்கே ஒத்திவைக்கப்படும் என்பதைத் துணைவிதியில் உள்ளபடியே கடிதத்தில் எழுத வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்தில் முதலில் அறிவித்த பொருள்களை மட்டுமே எடுக்க வேண்டும் என்ற வாசகமும் சேர வேண்டும். பத்தரை மணிக்கு வந்தவர்கள் காத்திருந்து கிளம்பிய பிறகு, பன்னிரண்டு மணிக்கு நாற்பது பேரோடு புதுப் பொருள் எடுப்பதை அந்த ஒரு வரி தடுக்கும். வருகைப் பதிவேட்டை வாசலில் வைத்து, கையெழுத்திட்டவர் எண்ணிக்கையைக் கூட்டம் தொடங்கும்போது தலைவர் படித்துச் சொல்ல வேண்டும்.

இனி, கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாங்களே எழுதித் தருகிறோம். கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும்; வரைவு எழுத நேரமில்லை என்ற காரணம் இனி எழாது.

ஆண்டுப் பேரவைக் கூட்ட அறிவிப்பு

நாள்: 3-9-2026

உறுப்பினர் எண் ______ உடைய திரு / திருமதி ______ அவர்களுக்கு,

நிர்வாகக் குழுவின் ______ தேதியிட்ட ______ எண் தீர்மானத்தின்படி, சங்கத்தின் 2025–26ஆம் ஆண்டுக்கான ஆண்டுப் பேரவைக் கூட்டம் 27-9-2026 ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்கு, கதவு எண் ______, ______ தெரு, ______ என்ற முகவரியில் உள்ள மண்டபத்தில் நடைபெறும். கீழ்க்கண்ட பொருள்கள் அதில் எடுத்துக்கொள்ளப்படும். தாங்கள் நேரில் வந்து கலந்துகொள்ளுமாறு இதன்மூலம் அழைக்கப்படுகிறீர்கள். அறிவிப்பு கிடைக்கும் நாளும் கூட்ட நாளும் நீங்கலாகப் பதினான்கு முழு நாட்களுக்குக் குறையாமலும், பொருள் 9ஐப் பொறுத்தவரை பதினைந்து முழு நாட்களுக்குக் குறையாமலும் தங்களுக்குக் கிடைக்கும்படி இந்த அறிவிப்பு அனுப்பப்படுகிறது.

பொருள் நிரல்

1. 28-9-2025 அன்று நடந்த ஆண்டுப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்பைப் பரிசீலித்து உறுதி செய்தல். அதன்மீது எடுத்த நடவடிக்கைகளை அறிதல் (இணைப்பு 1).
2. நிர்வாகக் குழுவின் ஆண்டறிக்கையைப் பரிசீலித்தல் (இணைப்பு 2).
3. 31-3-2026இல் முடிந்த ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளையும் தணிக்கையாளர் அறிக்கையையும் பரிசீலித்து முடிவெடுத்தல் (இணைப்பு 3).
4. தணிக்கைக் குறைகள் சரிசெய்யப்பட்டது பற்றிய அறிக்கையைப் பரிசீலித்தல் (இணைப்பு 4).
5. நிகர லாபம் ரூ. ______ஐப் பங்கிடுதல்: சேமநிதி ரூ. ______, கூட்டுறவுக் கல்வி நிதி ரூ. ______, எதிர்பாராத இழப்பு நிதி ரூ. ______, பிற ஒதுக்கீடுகள் ரூ. ______, ஈவுத்தொகை ______ விழுக்காடு.
6. சேமநிதியும் பிற நிதிகளும் பயன்படுத்தப்பட்ட விவரத்தை ஆய்வு செய்தல் (இணைப்பு 5).
7. 2026–27ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்துக்கும் செயல்திட்டத்துக்கும் ஒப்புதல் அளித்தல் (இணைப்பு 6).
8. நிர்வாகக் குழுவினருக்கோ முதன்மை நிர்வாக அதிகாரிக்கோ உறவினர்களான பணியாளர்களின் பட்டியலைப் பேரவையின் பார்வைக்கு வைத்தல் (இணைப்பு 7).
9. துணைவிதி எண் ______ஐத் திருத்துதல். இப்போதைய வாசகம், முன்மொழியும் வாசகம், காரணம்: இணைப்பு 8.
10. உறுப்பினர்கள் 31-8-2026க்குள் எழுத்தில் அளித்த தீர்மானங்களைப் பரிசீலித்து முடிவெடுத்தல் (முழு வாசகம், இணைப்பு 9).
11. தலைவரின் அனுமதியுடன் உறுப்பினர்கள் எழுப்பும் பிற பொருள்கள்: விவாதம் மட்டும், முடிவெடுக்கப்பட மாட்டாது.

குறிப்பு: கூட்டத்துக்கான குறைவெண் ______. காலை 11 மணிக்குள் அது சேராவிட்டால், துணைவிதி எண் ______இன்படி கூட்டம் ______ தேதி ______ மணிக்கு இதே இடத்துக்கு ஒத்திவைக்கப்படும். அதில் மேற்கண்ட பொருள்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. நேரில் வருபவர் மட்டுமே வாக்களிக்கலாம். வேறொருவரைத் தமக்குப் பதிலாக அனுப்ப முடியாது. உறுப்பினர் அட்டையைக் கொண்டு வரவும்.

நிர்வாகக் குழுவின் ஆணைப்படி,
முதன்மை நிர்வாக அதிகாரி (கையொப்பம், முத்திரை)

இந்த வரைவில் குழுவுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். மண்டபமும் நேரமும் மாறலாம், பொருள்களின் வரிசை மாறலாம். நாள் கணக்கு, இணைப்புகள், 11ஆம் பொருளின் கடைசி இரண்டு சொற்கள் ஆகிய மூன்றும் மாறாது.

பத்தாவது கோரிக்கை, இதற்கான பதில். ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை மாலை 5 மணிக்குள் கூட்டத் தேதியும், குழுவின் தீர்மான எண்ணும் எழுத்தில் எங்களுக்குத் தரப்பட வேண்டும். தரப்படாவிட்டால் சிறப்புப் பேரவை கோரும் கடிதத்தை மறுநாள் காலை அலுவலகத்தில் கொடுப்போம். துணைவிதி கேட்கும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து இப்போது கிளைகளில் திரண்டுகொண்டிருக்கிறது; ஒவ்வொரு தாளின் தலையிலும் கூட்டம் எதற்காக என்ற வாசகம் இருக்கிறது, கையெழுத்துக்குப் பக்கத்தில் உறுப்பினர் எண் இருக்கிறது. அப்படிக் கேட்கப்பட்ட கூட்டத்தை ஒரு மாதத்துக்குள் கூட்டியாக வேண்டும் என்கிறது சட்டத்தின் 40ஆம் பிரிவு. அதற்கு ஏழு நாள் அறிவிப்பு போதும். கூட்டாவிட்டால் மத்தியப் பதிவாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ கூட்டலாம். அந்தச் செலவை மறுத்தவர்களிடமே வசூலிக்கவும் அவர் ஆணையிடலாம்.

கிளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோளும் இங்கேயே வைக்கிறோம். உறுப்பினர்கள் கேட்டு நடத்தப்படும் சிறப்புப் பேரவையில் குறைவெண் சேராவிட்டால், எங்கள் துணைவிதிப்படி அது ஒத்திவைக்கப்படாது, கலைந்துவிடும். எனவே கையெழுத்திட்டவர் ஒவ்வொருவரும் அன்று வரத்தான் வேண்டும். ஊர் தூரமானவர்களின் பெயரை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள். எந்தக் கிளையிலிருந்து எத்தனை வேன் வேண்டும் என்று அதன்பிறகு முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்
(கையெழுத்துகளும் உறுப்பினர் எண்களும் தனித்தாள்களில்)